தாழ்ப்பாள் விழும் சத்தம்

கல்லூரியின் முதல் நாள், முதல் வகுப்பில் சின்னவள் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, தனக்கும் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை, முதல் நாள் என்றால் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று ஆறுதல் சொன்னாள். சின்னவளும் ஆமாம் என்று தலையாட்டி வைத்தாள். ஆனால் அவள் பயந்தது கல்லூரிக்கு அல்ல. அப்பாவை வீட்டுக்குள் விட்டு, வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே மறதி வந்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு வழிகள். ஒருநாள் விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் வீட்டைவிட்டு இறங்கி, பேருந்து நிலையம் வரை நடந்து போய், நின்றுகொண்டிருந்த ஒரு வண்டியில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். நல்லவேளை, சாவி வண்டியில் இல்லை. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பயணிகள் ஏறுவதற்காகக் காத்திருந்தாராம். அன்று சாயங்காலமே அக்கா ஆள் கூட்டி வந்து கதவின் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடித்தாள்.

அக்கா மருத்துவமனையில் செவிலி. அம்மா இறந்த பிறகு குடும்பம் அவள் தலையில்தான். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாள் வருவார். அன்றைக்கென்று பார்த்து, அவர் தன் பேரனுக்குக் காய்ச்சல், வர முடியாது என்று காலையில் சொல்லிவிட்டார். அக்காவுக்குக் காலைப் பணி. விடுப்பு கேட்டால் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள். கல்லூரிக்கு நாளைக்குப் போய்க்கொள்கிறேன் என்று சின்னவள் சொல்லிப் பார்த்தாள். அக்கா கேட்கவில்லை.

"முதல் நாளே போகலைன்னா நீ அப்புறம் போகவே மாட்டே. எனக்குத் தெரியும். மத்தியானம் வரைக்கும்தானே, தாழ்ப்பாள் போட்டுட்டுப் போ. ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கிய அக்கா, பாதியில் நின்று சிலிண்டரை மூடச் சொல்லிக் கத்திவிட்டுப் போனாள்.

வகுப்பில் இருந்த சின்னவளுக்கு அந்தக் கத்தல் நன்றாக நினைவிருந்தது. சிலிண்டரை மூடினோமா என்பதுதான் நினைவில்லை.

அறை பெரியது. படிக்கட்டு போல உயர்ந்துகொண்டே போகும் பெஞ்சுகள். கைப்பேசிகளை அணைத்துப் பைக்குள் போடச் சொல்லியிருந்தார்கள். பேசியை வைத்திருந்தாலும் அவளுக்குக் கூப்பிட ஆள் இல்லை. பணி நேரத்தில் அக்கா தன் பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். வீட்டுப் பேசி மணியடித்தால் அப்பா அதைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பார். அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே தையல்காரம்மா இருக்கிறார். அவருடைய எண்ணை அவள் வாங்கி வைத்துக்கொண்டதில்லை.

பேராசிரியை உள்ளே வந்தார். ஒல்லியான பெண்மணி. தொண்டை கட்டியது போன்ற குரல். வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி, கரும்பலகையில் ஆறு வரி எழுதினார்.

போய்வருகிறேன் என்றாய்.
சாப்பாடு சூடாக இருக்கிறது என்றாய்.
விளக்கை அணைக்காதே என்றாய்.
தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.
இனி
எல்லாப் பக்கமும் உள்ளே.

யார் எழுதியது என்று சொல்லவில்லை. யாரோ கேட்டதற்கு, தெரிந்துவிட்டால் நீங்கள் கவிதையை விட்டுவிட்டு ஆளைப் படிக்கப் போய்விடுவீர்கள் என்றார். இந்த வருடம் முழுக்க அவர்கள் செய்யப்போகும் வேலைக்கு நுணுகி வாசித்தல் என்று பெயர். அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, மெதுவாகப் படிப்பதுதான், ஆனால் உங்களால் முடியாது, ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் உங்களை வேகமாகப் படிக்கப் பழக்கிவிட்டார்கள் என்றார். சிரிப்பு எழுந்தது. மூன்று பேரை எழுப்பி அந்த ஆறு வரிகளை உரக்கப் படிக்க வைத்தார். ஒருவன் செய்தி வாசிப்பது போலப் படித்தான். ஒரு பெண் இழுத்து இழுத்துச் சோகமாகப் படித்தாள். மூன்றாவது ஆள் 'இனி' என்ற இடத்தில் மூச்சு வாங்கி நின்றான். ஒரே எழுத்துகள், மூன்று குரல்கள், இதில் எது சரி என்பதற்குக் கவிதைக்குள்ளேயே ஆதாரம் தேட வேண்டும் என்றார் பேராசிரியை.

"ரெண்டே ரெண்டு விதி. எதைச் சொன்னாலும் எந்தச் சொல்லு அதைச் சொல்லுதுன்னு காட்டணும். கவிதையில இல்லாத ஒண்ணைச் சொன்னா, அதை நீங்க எங்கேயிருந்து கொண்டுவந்தீங்கன்னு ஒத்துக்கணும்."

முதலில் என்ன நடக்கிறது என்று வெறும் உரைநடையில் சொல்லச் சொன்னார். முன்வரிசையிலிருந்து பதில் வந்தது. கணவன் வேலைக்குப் போகிறான், மனைவி வீட்டில் தனியாக இருக்கிறாள், அவன் போனதும் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள், அவளுக்குத் தனிமை. அரை வகுப்பு தலையாட்டியது.

கணவன் எந்தச் சொல்லில் இருக்கிறான் என்று பேராசிரியை கேட்டார். பலகையின் ஓரத்தில் 'என்றான்', 'என்றாள்' என்று எழுதி, பக்கத்திலேயே 'என்றாய்' என்றும் எழுதினார். முதல் இரண்டும் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது காட்டாது. 'நீ' என்று கூப்பிடும்போது நம் வினைச்சொல் அதைக் கேட்பதே இல்லை. 'நான்' என்பதும் அப்படித்தான்.

"ஆக, கணவன் மனைவி ரெண்டு பேரும் நாம கூட்டிட்டு வந்து உட்கார வெச்ச ஆளுங்க. தப்பில்ல. ஆனா கொஞ்ச நேரம் வெளியில நிக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளுக்குச் சிரிக்க வரவில்லை. முதல் வரியைப் பார்த்ததிலிருந்தே அவளால் அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. காலையில் அவளும் அதைத்தான் சொன்னாள். எல்லோரும் எல்லா நாளும் சொல்வதுதானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். பேராசிரியையும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். 'போகிறேன்' என்று சொல்ல நமக்கு வாய் வராது. போவதைச் சொல்லும்போதே வருவதையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். தினமும் புழங்குவதால் அதற்குள் இருக்கும் வாக்குறுதி யார் காதிலும் விழுவதில்லை. இந்தக் கவிதையில் பேசுபவருக்கு அது விழுந்திருக்கிறதா, இல்லையா? அதைக் கடைசி வரை போய்ப் பார்ப்போம் என்றார்.

இரண்டாவது வரிக்கு வந்தார். முதல் வரி விடைபெறுகிறது, மூன்றாவது கட்டளையிடுகிறது, இரண்டாவது என்ன செய்கிறது? சாப்பிடு என்று சொல்லவில்லை. சாப்பாட்டைப் பற்றி ஒரு செய்தி மட்டும் சொல்கிறது. சொல்பவருக்கு அவசரம், அதனால் சாப்பிடச் சொல்வதைக்கூட முழுசாகச் சொல்லவில்லை என்றாள் ஒருத்தி. பேராசிரியைக்கு அது பிடித்திருந்தது. இன்னொன்றும் பாருங்கள் என்றார். சூடாக இருக்கிறது என்றால் இப்போது சூடாக இருக்கிறது என்று பொருள். அந்தச் சொல் உச்சரிக்கப்பட்ட கணத்திலிருந்து சாப்பாடு ஆறத் தொடங்கிவிடுகிறது. கவிதை அதைச் சொல்லவில்லை, ஆனால் 'இருக்கிறது' என்ற நிகழ்காலத்துக்குள் அது இருக்கிறது.

சின்னவளின் கண்ணுக்குள் அடுப்பு வந்தது. சாதத்தைச் சுடவைத்துத் தட்டில் போட்டு மேசையில் வைத்தாள். மீதிச் சாதத்தோடு பாத்திரம் அடுப்பின் மேலேயே இருந்தது. பர்னரை அணைத்தாள், அது நிச்சயம். அணைத்த பிறகு குனிந்தாளா? சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருப்ப மேடைக்குக் கீழே குனிய வேண்டும், குனியும்போது பின்னல் முன்னால் வந்து விழும். அப்படிப் பின்னல் விழுந்தது அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் அது இன்றைக்கா, நேற்றைக்கா? தட்டில் இருக்கும் சாப்பாடு ஆறிவிட்டால் அப்பா என்ன செய்வார்? சுடவைக்கப் போவார்.

பேராசிரியையின் குரல் தூரத்தில் எங்கோ கேட்பது போலிருந்தது. வினைச்சொல் ஆண், பெண்ணைக் காட்டவில்லையே தவிர, இன்னொன்றைத் தெளிவாகக் காட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மரியாதை. என்றீர்கள் என்று இல்லை, என்றாய். அணைக்காதீர்கள் என்று இல்லை, அணைக்காதே. போகிறவர், இருக்கிறவர் இருவரும் ஒருவரை ஒருவர் ஒருமையில் பேசிக்கொள்கிறார்கள். அப்படிப் பேசிக்கொள்ளும் சோடிகளைச் சொல்லுங்கள் என்றார். நண்பர்கள், காதலர்கள், அம்மாவும் மகனும் என்று வந்தது. அப்பாவும் மகளும் என்று யாரோ சொல்ல, எங்கள் வீட்டில் அப்பாவை ஒருமையில் பேசினால் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று பின்வரிசையில் ஒரு தாடிக்காரன் சொன்னான்.

"சரி. உங்க வீடு மாதிரி ஒரு வீட்டுல, ஒருநாள் அந்த மரியாதை கழண்டு விழுந்துடுச்சுன்னு வையுங்க. என்ன ஆகியிருக்கும்?"

கோபம் என்றார்கள் சிலர். அவசரம் என்றாள் ஒருத்தி. பெரியவர் குழந்தை போல ஆகியிருப்பார் என்றாள் சின்னவளின் பக்கத்தில் இருந்தவள்.

பேராசிரியை அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டார். கவிதை இதை அனுமதிக்கிறது, ஆனால் கட்டாயப்படுத்தவில்லை, இந்த இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது என்றார். அனுமதிக்கும் வாசிப்புகள் பல இருக்கலாம். கட்டாயப்படுத்தும் வாசிப்பு வேண்டுமென்றால் இன்னும் சொற்கள் சாட்சிக்கு வர வேண்டும்.

சின்னவளின் காதில் சாட்சிக்கு வந்தது அவளுடைய சொந்தக் குரல்தான். காலையில் அப்பா சட்டைப் பொத்தானைப் போடவிடாமல் கையைத் தட்டித் தட்டிவிட்டார். பேருந்து போய்விடும் என்ற பதற்றத்தில் அவள், "சும்மா உட்காரு. சாப்பிடு" என்றாள். பிறந்ததிலிருந்து அவரை 'ங்க' போடாமல் அவள் பேசியதே இல்லை. சொல்லும்போது அது அவள் காதில் விழவில்லை. அப்பாவின் காதில் விழுந்திருக்கும். அவர் உடனே கையைக் கீழே போட்டுவிட்டு அடங்கி உட்கார்ந்துவிட்டார். அப்பாடா, சொன்ன பேச்சு கேட்டாரே என்றுதான் அவள் நினைத்தாள்.

நான்காவது வரி வந்தது. முன்வரிசைக்காரன் பழையபடியே சொன்னான், போனவர் போனதும் இருப்பவர் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். வேறு யாருக்காவது வேறு மாதிரி தோன்றுகிறதா என்று பேராசிரியை அறையைப் பார்த்தார். சின்னவள் கையைத் தூக்கவில்லை, ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"தாழ்ப்பாள் வெளியில இருக்கு, மேடம்."

தலைகள் திரும்பின. எந்தச் சொல் என்று பேராசிரியை கேட்டார். குரலில் கேலி இல்லை, உண்மையிலேயே கேட்டார்.

'கேட்டது' என்றாள் சின்னவள். தானே போட்டிருந்தால் தாழ்ப்பாள் போட்டேன் என்று சொல்வார். போடாதவருக்குத்தான் சத்தம் மட்டும் கிடைக்கும்.

தாடிக்காரன் விடவில்லை. நாமே கதவைச் சாத்தினாலும் அந்தச் சத்தம் நமக்கும் கேட்கத்தானே செய்யும் என்றான். அது நியாயமான மறுப்பு என்றார் பேராசிரியை. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வீடு கட்டக் கூடாது. மறுப்புக்குக் கவிதையே பதில் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர் சின்னவளையே பார்த்தார்.

அவள் பலகையைப் பார்த்துப் படித்தாள். 'எல்லாப் பக்கமும் உள்ளே.' உள்ளே தாழ்ப்பாள் இருந்தால் கதவுக்கு ஒரு வெளிப்பக்கம் இருக்கும், வேண்டும்போது திறந்துகொண்டு போகலாம். இவருக்கு அது இல்லை. அதனால்தான் எல்லாப் பக்கமும் உள்ளே ஆகிவிட்டது.

பேராசிரியை சாக்கட்டியால் 'கேட்டது' என்பதிலிருந்து 'உள்ளே' வரை ஒரு கோடு இழுத்தார். ஒரு சொல் தனியாகச் சொன்னால் அது ஊகம். இரண்டு சொற்கள் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்தால் அது வாசிப்பு. கடைசி வரியில் வினைச்சொல்லே இல்லை என்பதையும் காட்டினார். என்றாய், என்றாய், என்றாய், கேட்டது என்று வந்துகொண்டிருந்த வாக்கியங்கள் 'இனி'க்குப் பிறகு வினையை இழந்துவிட்டன. பேசுபவருக்குச் செய்ய எதுவும் மீதியில்லை. அந்த 'இனி' தனி வரியில் நிற்கிறது. இன்றைக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை. போய்வருகிறேன் என்றவர் திரும்பியே வந்தாலும் இந்த 'இனி' மாறாது. அப்படியென்றால் முதல் வரியின் வாக்குறுதி அவர் காதில் நன்றாகவே விழுந்திருக்கிறது, அதை அவர் நம்பவில்லை.

"இப்போ எனக்கு ரொம்ப நாளா இருக்கிற ஒரு சந்தேகம். மூணு தடவை நீ சொன்னே, நீ சொன்னேன்னு வருது. தாழ்ப்பாள் வரியில மட்டும் 'நீ' எங்கே போச்சு?"

பலகையில் 'தாழ்ப்பாளைப் போட்டாய்' என்று எழுதி, கவிதையின் வரியோடு மாற்றிப் படித்துக் காட்டினார். ஒரு சொல் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தானாகத் தெரியும் என்றார். போட்டாய் என்றால் குற்றச்சாட்டு. விழும் சத்தம் என்றால் தாழ்ப்பாள் தானாக விழுந்ததுபோல ஆகிறது. செய்தவர் வாக்கியத்திலிருந்து காணாமல் போகிறார்.

"குத்தம் சொல்ல மனசு வரலை" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

"பயம். குத்தம் சொன்னா திரும்பி வர மாட்டாங்களோன்னு பயம்" என்றான் தாடிக்காரன்.

இரண்டுமே நிற்கும் என்றார் பேராசிரியை. கவிதை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மறுக்கிறது, நாமும் அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அன்பா, பயமா என்று உள்ளே இருப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

சின்னவள் எழுந்து நின்றாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. பை மடியிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. பேராசிரியை அவள் ஏதோ பதில் சொல்லப்போகிறாள் என்று நினைத்துச் சாக்கட்டியோடு காத்திருந்தார்.

"மேடம், எங்கப்பா உள்ளே இருக்காரு. நான்தான் போட்டேன். கேஸை மூடினேனான்னு தெரியலை."

பேராசிரியை ஒரே கேள்விதான் கேட்டார், வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று. இல்லை என்றதும், யாரிடம் வண்டி இருக்கிறது என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார். கீழே விழுந்த பையைப் பக்கத்து இருக்கைக்காரி எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். "என்கிட்ட இருக்கு. வா" என்று அவள் சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

ஸ்கூட்டரில் போகும்போது வலது, இடது என்று வழி மட்டும் சொன்னாள் சின்னவள். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, வண்டிக்காரி விளக்கு மாறுவதற்கு முன்பே வண்டியை நகர்த்தினாள். தெருமுனை திரும்பியதும் சின்னவள் தங்கள் கட்டடத்தைத்தான் முதலில் பார்த்தாள். புகை இல்லை. கூட்டம் இல்லை. கீழே தையல்காரம்மா மெஷின் ஓட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு ஒரு நொடி தன்மேலேயே வெட்கமாகப் போய்விட்டது. ஒன்றுமில்லாததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

இரண்டாவது மாடிப் படியில் வாடை வந்தது.

தாழ்ப்பாளை இழுத்துவிட்டுக் கதவைத் தள்ளினாள். கதவு நகரவில்லை. உள்ளே ஏதோ கனமாக முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்பா கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அக்கா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், இந்த வாயு கனமானது, மேலே போகாது, தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும் என்று.

"அப்பா, நகருங்கப்பா. நான் வந்துட்டேன். நகருங்க."

பதில் இல்லை. இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். அப்பாவின் உடம்பு உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடம் கிடைத்தது. உள்ளே காலையில் போட்ட விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாடை மூக்கைத் துளைத்தது. மூச்சுத் திணறிய தோழி மின்விசிறியைப் போடச் சுவரை நோக்கிக் கையை நீட்டினாள். சின்னவள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். "சுவிட்சைத் தொடாதே. எதையும் போடாதே, அணைக்காதே."

மூச்சை அடக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். பாத்திரம் அடுப்பின் மேல் இருந்தது. பர்னரைத் திருப்பியிருந்தார், பற்றவைக்க மறந்திருந்தார். அதை மூடி, குனிந்து ரெகுலேட்டரையும் மூடி, ஜன்னல்களைத் திறந்தாள். திரும்பி வருவதற்குள் தோழி அப்பாவின் அக்குளில் கைகொடுத்து அவரைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு மேலே வந்த தையல்காரம்மா கால்களைப் பிடித்துக்கொண்டார். மூவருமாக அவரைக் கீழே தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்.

காற்றுப் பட்டதும் அப்பா இருமினார். பிறகு வாந்தி எடுத்தார். இத்தனை அழகான ஒரு வாந்தியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று தோழி பின்னால் பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அப்போது அவள் சிரிக்கவில்லை, நடைபாதையில் உட்கார்ந்து அழுதாள். சின்னவள் அழவில்லை. அப்பாவின் கண் திறந்து, தன் முகத்தில் நிற்பது வரைக்கும் அவள் மூச்சே விட்ட மாதிரி இல்லை.

"வண்டி எடுக்க நேரமாச்சு. கதவு பூட்டிக்கிச்சும்மா" என்றார் அப்பா.

யாருப்பா பூட்டினது என்று அவள் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்தான்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "யாரும் பூட்டலை. அதுவா பூட்டிக்கிச்சு."

அவருக்கு நினைவில்லையா, இல்லை நினைவிருந்தும் சொல்லாமல் விடுகிறாரா என்று அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஆதாரம் எங்கேயும் இல்லை.

அக்கா வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே கொண்டுபோனார்கள். ஆக்சிஜன் வைத்து, சாயங்காலம் வரை படுக்க வைத்து, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்ததை அக்கா முடிக்கவிடவில்லை. அவள் அங்கே சின்னவளைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவைத் தூங்க வைத்த பிறகுதான் வெடித்தாள். சிலிண்டரை மூடச் சொன்னேனே என்று முதலில் கத்தினாள். பிறகு தாழ்ப்பாளை அடித்தவள் நான்தானே என்றாள். தாழ்ப்பாள் இல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் ஏதாவது லாரிச் சக்கரத்துக்கு அடியில் கிடந்திருப்பார் என்றும் சொன்னாள். எல்லாமே உண்மைதான். சின்னவள் அக்காவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து அது எதிர்ப்பக்கமாகத்தான் நடந்து வந்திருந்தது.

அன்று இரவே பேராசிரியை தோழியிடமிருந்து எண்ணை வாங்கிப் பேசினார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். வகுப்பு மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை என்றும், தனக்கும் மேற்கொண்டு பேச வரவில்லை என்றும் சொன்னார். இத்தனை வருடம் அந்தக் கவிதையை நடத்தியிருக்கிறார், போனவரின் பக்கத்தில் நின்று ஒரு முறைகூட அதைப் படித்துப் பார்த்ததில்லையாம். அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. அவர் குரலிலும் பயம் இருந்தது. நீ மெதுவாக வா, வருகைப் பதிவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பேசியை வைத்தார்.

சின்னவள் அடுத்த வாரம்தான் போனாள். அதற்குள் அக்கா தன் பணியை இரவுக்கு மாற்றிக்கொண்டாள். பகலில் வரும் அம்மாளால் வர முடியாத நாட்களில் தையல்காரம்மா தன் மெஷினையே மேலே ஏற்றி அப்பாவின் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார். சிலிண்டர் பால்கனியில் கூண்டுக்குள் போய்விட்டது. கதவில் தாழ்ப்பாளுக்குப் பதிலாக, திறந்தால் மணி அடிக்கிற ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள். அது தையல்காரம்மா வந்தாலும் அடிக்கிறது, பால்காரர் வந்தாலும் அடிக்கிறது, வீடே கோயில் மாதிரி ஆகிவிட்டது என்று அக்கா சலித்துக்கொள்கிறாள்.

பயம் மட்டும் போகவில்லை. வகுப்பில் கதவோரத்து இருக்கையில்தான் சின்னவளால் உட்கார முடிகிறது. யாராவது ஒரு வரியை உரக்கப் படித்தால் நெஞ்சு ஒரு தரம் அடித்துக்கொண்டு பிறகுதான் பொருள் புரிகிறது. அதனாலோ என்னவோ, அவள் வேகமாகப் படிப்பதே இல்லை. தேர்வில் பாதிக் கேள்விகளுக்குத்தான் பதில் எழுத நேரம் கிடைத்தது. எழுதிய பாதிக்கு நல்ல மதிப்பெண் வந்தது.

வகுப்பு இல்லாத மத்தியானங்களில் ஸ்கூட்டர் தோழி வீட்டுக்கு வருகிறாள். அவளைக் கண்டாலே அப்பாவுக்கு உற்சாகம். அவள் யார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவள் முதல் மத்தியானம் வந்தபோதே, "ஏம்மா கண்டக்டர், எல்லாரும் ஏறிட்டாங்களா?" என்று கேட்டார். அவள் கொஞ்சமும் தயங்காமல், படியில் ரெண்டு பேர் தொங்கறாங்க, கொஞ்சம் பொறுங்க என்றாள். அப்பா திரும்பிப் பார்த்து, உள்ளே வரச் சொல்லி அதட்டினார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்வது போலக் கையைக் காற்றில் திருப்பி, அவள் ரைட் சொல்வதற்காகக் காத்திருந்தார்.